சார்ட்டிங்கைப் புரியவைக்க ஒரே ஒரு படம்: எதை வரைவது?

நித்திலா

புரோகிராமிங் தெரியாத பன்னிரண்டு பேருக்கு, கம்ப்யூட்டர் எப்படி வரிசைப்படுத்துகிறது என்று அரை மணி நேரம் விளக்கினேன். எளிது என்று நினைத்து இன்செர்ஷன் சார்ட்டை எடுத்துக்கொண்டேன். "சீட்டு விளையாடும்போது ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் கையில் சரியான இடத்தில் செருகுகிறோமே, அதேதான்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடைசியில், "ஏழு சீட்டை இப்படி அடுக்க எத்தனை வேலை ஆகும்?" என்று கேட்டேன். ஒருவர் விடாமல் "ஏழு" என்றார்கள். ஏழு சீட்டு, ஏழு தடவை செருகல், அவ்வளவுதானே என்கிறார்கள். அது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்ன கதையை வைத்துக்கொண்டு ஏன் தவறு என்று விளக்க முடியவில்லை. அப்புறம் தூண்கள் மேலும் கீழும் ஓடுகிற அனிமேஷன் ஒன்றைக் காட்டினேன். ரசித்துப் பார்த்தார்கள், யாருக்கும் ஒன்றும் பதியவில்லை.

அடுத்த வாரம் அதே ஆட்களைச் சந்திக்கிறேன். ஒரே ஒரு எடுத்துக்காட்டு, கையால் வரையக்கூடிய படம். எதை வரையலாம்?

அட்டவணை

எக்செல்லில் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து Data மெனுவில் Sort கொடுத்தால் போதுமே. ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், பக்கத்து நெடுவரிசைகள் அப்படியே நின்றுவிடலாம். பெயர் ஒருவருடையது, மதிப்பெண் இன்னொருவருடையது என்று ஆகிவிடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி முழுப் பட்டியலையும் மறுபடி தட்டச்சு செய்தேன்.

நித்திலா

நன்றி. ஆனால் நான் கேட்டது அந்தப் பொத்தானை அழுத்திய பிறகு உள்ளே நடப்பதைப் பற்றி.

பழையகீபோர்டு

உங்கள் ஆட்கள் சொன்ன பதில் சரிதான். நீங்கள் சொன்ன கதைக்கு "ஏழு" என்பதுதான் விடை. தவறு உவமையில் இருக்கிறது.

கையில் பிடித்த சீட்டுகளுக்கு நடுவே இன்னொன்றைச் செருகினால் மற்றவை தானாக விலகி இடம் விடுகின்றன. அதற்கு நாம் எந்த வேலையும் செய்வதில்லை. கம்ப்யூட்டரின் நினைவகத்தில் அப்படி விலகும் வசதி கிடையாது. அங்கே இருப்பவை வரிசையாக ஒட்டிய பெட்டிகள், ஒரு பெட்டிக்கு ஒரு எண். நடுவே ஒன்றை வைக்க வேண்டுமானால் அங்கிருப்பதை வலப்பக்கப் பெட்டிக்குத் தள்ள வேண்டும், அதற்கு முன் அந்தப் பெட்டியில் இருப்பதை அதற்கு அடுத்ததில் தள்ளியிருக்க வேண்டும். செலவெல்லாம் இந்தத் தள்ளலில்தான். சீட்டுக் கதை அதை மறைத்துவிடுகிறது.

இன்னொன்றும் மறைகிறது. நாம் ஒரே பார்வையில் ஏழு சீட்டையும் பார்த்துவிடுகிறோம். கம்ப்யூட்டருக்கு ஒரு நேரத்தில் இரண்டை ஒப்பிட மட்டுமே தெரியும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மேசையில் ஏழு கட்டங்கள் வரையுங்கள். ஒரே அளவுள்ள ஏழு அட்டைகளில் ஆளுக்கொரு உயரத்தில் தூண் வரைந்து, கீழே எண்ணையும் எழுதி, இந்த வரிசையில் கட்டங்களில் வையுங்கள்:

```
        █
    █   █
█   █   █
█   █   █   █
█   █   █ █ █
█ █ █   █ █ █
█ █ █ █ █ █ █
5 2 6 1 7 3 4
```

எல்லோரும் ஒருமுறை பார்த்த பிறகு அட்டைகளைக் கவிழ்த்துவிடுங்கள். இனி ஒரு நேரத்தில் இரண்டை மட்டுமே திறக்கலாம். கட்டத்தில் அட்டை இருந்தால் அதன்மேல் இன்னொன்றை வைக்கக் கூடாது. இந்த இரண்டு விதிகள் போதும்.

செய்முறை: இடது பக்கம் அடுக்கி முடித்த பகுதி. வலது பக்கத்திலிருந்து அடுத்த அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறோம். அது இருந்த கட்டம் இப்போது காலி, அதைக் குழி என்று சொல்லுங்கள். குழிக்கு இடப்பக்கம் இருப்பது கையில் உள்ளதைவிடப் பெரிதானால், அதைக் குழிக்குள் தள்ளுகிறோம். குழி ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்கிறது. பெரிதாக இல்லாத ஒன்றைச் சந்தித்தாலோ, கட்டங்கள் தீர்ந்துபோனாலோ கையில் இருப்பதைக் குழியில் வைத்துவிடுகிறோம்.

முழு ஓட்டம் இது. கோட்டுக்கு இடப்பக்கம் அடுக்கப்பட்டது:

```
5 | 2 6 1 7 3 4
2 5 | 6 1 7 3 4    2 வந்தது: 1 தள்ளல்
2 5 6 | 1 7 3 4    6 வந்தது: 0
1 2 5 6 | 7 3 4    1 வந்தது: 3
1 2 5 6 7 | 3 4    7 வந்தது: 0
1 2 3 5 6 7 | 4    3 வந்தது: 3
1 2 3 4 5 6 7 |    4 வந்தது: 3
```

மொத்தம் 10 தள்ளல். இதையெல்லாம் ஒரே வேகத்தில் காட்டாதீர்கள். 3 வரும் படியில் மட்டும் நின்று நிதானமாகக் காட்டுங்கள்:

```
1 2 5 6 7 _ 4    கையில் 3
1 2 5 6 _ 7 4    7 > 3, தள்ளு
1 2 5 _ 6 7 4    6 > 3, தள்ளு
1 2 _ 5 6 7 4    5 > 3, தள்ளு
1 2 3 5 6 7 4    2 சிறியது, 3-ஐ வை
```

குழி வலமிருந்து இடமாக நடந்து வருவது கண்ணில் பட்டால் போதும். அனிமேஷனில் பதியாமல் போனது இதுதான். அங்கே எல்லாம் ஒரே நேரத்தில் நகர்வதால் எதைப் பார்ப்பது என்றே தெரிவதில்லை.

விரைவுவழி

இது பபிள் சார்ட்தானே? பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறுகின்றன, அதுவும் பத்து தடவை. நேரடியாக பபிள் சார்ட்டையே காட்டினால் குழி, கை என்ற பேச்செல்லாம் தேவையில்லை. இரண்டும் ஒன்றுதான்.

பழையகீபோர்டு

பாதி சரி. அந்தப் பாதி மிக முக்கியமானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பபிள் சார்ட் இடமிருந்து வலமாகப் பக்கத்துப் பக்கத்து இரண்டை ஒப்பிட்டு, பெரியது முன்னால் இருந்தால் இடம் மாற்றிக்கொண்டே போகும். ஒரு சுற்று முடிந்தால் மிகப் பெரியது கடைசிக்குப் போய்விடும், அதை விட்டுவிட்டு மீதிக்கு அடுத்த சுற்று. இதே ஏழு எண்களுக்கு அதைப் போட்டாலும் சரியாக 10 இடமாற்றங்கள்தான் வரும். தற்செயல் அல்ல. ஒரு தாளில் மேல் வரிசையில் 5 2 6 1 7 3 4 என்றும், கீழ் வரிசையில் 1 2 3 4 5 6 7 என்றும் எழுதுங்கள். மேலே உள்ள 5-இலிருந்து கீழே உள்ள 5-க்கு ஒரு நேர்கோடு, 2-இலிருந்து 2-க்கு ஒன்று, இப்படி ஏழு கோடுகள். இப்போது கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களை எண்ணுங்கள். 10 வரும்.

ஒவ்வொரு வெட்டும் முன்பின்னாக நிற்கும் ஒரு ஜோடி. 5-க்குப் பின்னால் 2, 1, 3, 4 நிற்கின்றன, அது 4 ஜோடி. 2-க்குப் பின்னால் 1 நிற்கிறது. 6-க்குப் பின்னால் 1, 3, 4. 7-க்குப் பின்னால் 3, 4. கூட்டினால் 10. பக்கத்தில் நிற்கும் இரண்டை மட்டும் இடம் மாற்றினால் ஒரே ஒரு வெட்டுதான் நீங்கும், மற்ற ஜோடிகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே பக்கத்தோடு பக்கம் மட்டுமே நகர்த்தும் எந்த முறையாக இருந்தாலும் 10-க்குக் குறைவாக முடிக்கவே முடியாது. இன்செர்ஷன் சார்ட்டும் பபிள் சார்ட்டும் அந்த 10-ஐ மட்டும் செய்கின்றன, வீணாக ஒன்றுகூட இல்லை.

இரண்டும் ஒன்று என்பதுதான் சரியில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதில் வேறுபடுகின்றன. இன்செர்ஷன் இந்த ஏழுக்கு 14 ஒப்பீடுகளில் முடிக்கிறது. ஒரு சுற்று முழுக்க மாற்றமே இல்லையென்றால் நிறுத்து என்ற விதியோடு பபிள் சார்ட்டை ஓட்டினாலும் 6+5+4+3, அதாவது 18 ஆகிறது. மூன்றாவது சுற்றிலேயே வரிசை சரியாகிவிடுகிறது. ஆனால் அது அதற்குத் தெரியாது, இன்னொரு சுற்று போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

நித்திலா, கோடு வரையும்போது ஒரு எச்சரிக்கை. மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்தித்தால் கண் அதை ஒரு வெட்டாக எண்ணிவிடும், அது மூன்று. எண்களுக்கு இடையே இடைவெளியைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் பிரிந்து தெரியும்.

நித்திலா

வரைந்து பார்த்தேன். முதலில் 8 வந்தது, நீங்கள் சொன்ன மாதிரி ஓர் இடத்தில் மூன்று கோடுகள் ஒட்டியிருந்தன. இடைவெளியை மாற்றியதும் 10. மேசையில் தள்ளலை எண்ணினாலும் 10. இரண்டு வேறு வேறு படத்தில் ஒரே எண் வருவதைப் பார்த்ததும் எனக்கே இப்போதுதான் முழுதாகப் புரிகிறது.

மாலைநேரம்

நான் ஆசிரியர், புரோகிராமர் இல்லை. ஒரு தேர்வு முடிந்தால் 200 விடைத்தாள்கள் வரும், பதிவு எண் வரிசையில் அடுக்க வேண்டும். இந்த முறையில் அடுக்கினால் விடிந்துவிடும். முதலில் 1 முதல் 20 வரை ஒரு கட்டு, 21 முதல் 40 வரை ஒரு கட்டு என்று பத்துக் கட்டாகப் பிரித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக அடுக்குவேன். நடைமுறையில் யாரும் செய்யாத ஒன்றை ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

பழையகீபோர்டு

டீச்சர், நீங்கள் செய்வது சரி. ஏன் சரி என்பதையும் இந்தப் படத்தாலேயே காட்டலாம்.

200 தாள்கள் கலைந்து கிடந்தால் மொத்த ஜோடிகள் 200 × 199 ÷ 2, அதாவது 19,900. ஒழுங்கே இல்லாமல் கலைந்திருந்தால் சராசரியாக அதில் பாதி ஜோடிகள் முன்பின்னாக நிற்கும், 9,950 தள்ளல். உங்கள் முறையில் ஒரு கட்டில் 20 தாள். அதற்கு மொத்த ஜோடிகள் 190, பாதி 95. பத்துக் கட்டுக்கு 950. கட்டாகப் பிரிக்க 200 தடவை ஒரு தாளை எடுத்து வைக்கிறீர்கள், அதையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,150. ஒன்பதாயிரத்துக்குப் பக்கத்தில் மிச்சம்.

மிச்சம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 187-ஆம் தாளைக் கையில் எடுத்ததும் அதைக் கடைசிக் கட்டில் ஒரே தாவலில் போட்டுவிடுகிறீர்கள். இன்செர்ஷன் சார்ட்டில் அது ஒவ்வொரு கட்டமாக நடந்துதான் போகும். தூரத்தை ஒரே தாவலில் கடந்தால் ஒரே நேரத்தில் பல வெட்டுகள் நீங்கும். வேகமான முறைகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இதைச் செய்பவைதான். டொனால்டு ஷெல் 1959-இல் வெளியிட்ட முறை இன்செர்ஷன் சார்ட்டையே எடுத்துக்கொண்டு, முதலில் தூரத்தூரமாக நிற்பவற்றை ஒப்பிட்டு மாற்றுகிறது. கடைசியில்தான் பக்கத்துப் பக்கம்.

ஆனால் ஒன்று. உங்களுக்குப் பதிவு எண் 1 முதல் 200 வரை என்று முன்பே தெரியும், அதனால்தான் கட்டுப் பிரிக்க முடிகிறது. எண்களைப் பற்றி எதுவும் தெரியாமல், இரண்டை ஒப்பிட்டு எது பெரிது என்று மட்டும் சொல்ல முடிகிற நிலையில் அந்த வழி கிடையாது. அதற்கு வேறு வேறு உத்திகள் வேண்டும்.

விரைவுவழி

பபிள் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்செர்ஷனிலும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் போக வேண்டியதில்லையே. இடப்பக்கம் ஏற்கெனவே அடுக்கியிருக்கிறது. நடுவில் உள்ளதை முதலில் பார்த்து, பாதியை ஒதுக்கி, மீதியில் மறுபடி நடுவைப் பார்த்தால் இரண்டு மூன்று ஒப்பீட்டில் இடம் தெரிந்துவிடும். அப்படிச் செய்தால் வேகமான முறை ஆகிவிடுமே.

பழையகீபோர்டு

இடம் சீக்கிரம் தெரிந்துவிடும், உண்மை. ஆனால் அந்த இடத்தைக் காலி செய்ய 7, 6, 5 மூன்றையும் தள்ளித்தான் ஆக வேண்டும். 10 வெட்டு 10 வெட்டாகவே இருக்கும்.

இருந்தாலும் நீங்கள் சொன்னது வீண் இல்லை. பைத்தானுக்காக டிம் பீட்டர்ஸ் 2002-இல் எழுதிய சார்ட்டிங் முறை சிறிய துண்டுகளுக்கு இதையேதான் பயன்படுத்தியது. 64-க்கும் குறைவான பட்டியல் என்றால் முழுவதுமே பாதி பாதியாக இடம் தேடிச் செருகுவதுதான். அங்கே ஒப்பிடுவது செலவு அதிகம், தள்ளுவது மலிவு. டீச்சர் கேட்ட "நடைமுறையில் யாரும் செய்யாத ஒன்று" என்பதற்கும் இதுவே பதில்.

புதுவாசகர்

எனக்கும் கம்ப்யூட்டர் தெரியாது, படித்துக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு எண் மட்டும் இடம் தவறியிருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும், சரிதானே?

பழையகீபோர்டு

எவ்வளவு தூரம் தவறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1 2 3 4 6 5 7 என்றால் ஒரே வெட்டு, ஒரே தள்ளல். 2 3 4 5 6 7 1 என்றாலும் இடம் தவறியது 1 மட்டும்தான், ஆனால் ஆறு கோடுகளை அது வெட்டுகிறது, ஆறு தள்ளல். கோடு போட்டுப் பாருங்கள், உடனே தெரியும்.

நித்திலா

இன்று நடத்திவிட்டு வந்தேன்.

குழி நன்றாக வேலை செய்தது. 3-ஐக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மூன்று அட்டைகளைத் தள்ளியபோது, எண்ணச் சொல்லாமலேயே மற்றவர்கள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். முடிந்ததும் அதே பழைய கேள்வியைக் கேட்டேன். இந்த முறை யாரும் ஏழு என்று சொல்லவில்லை. "அட்டைகள் எப்படிக் கலைந்திருக்கின்றன என்று தெரியாமல் எப்படிச் சொல்வது?" என்று ஒரு பெரியவர் திருப்பிக் கேட்டார். அதுதான் எனக்கு வேண்டிய பதில்.

ஒரு இடத்தில் தடுமாறினேன். குழுவில் இருந்த ஓர் இளைஞர் பைத்தான் கொஞ்சம் படித்திருக்கிறார். இதையே எழுதிப் பார்க்கிறேன் என்று அங்கேயே எழுதினார். விடையாக 5 5 6 6 7 7 7 வந்தது. வரிசையில்தான் இருக்கிறது, ஆனால் 1, 2, 3, 4 காணவில்லை. அதைத் தேடுவதிலேயே மீதி நேரம் போய்விட்டது.

பழையகீபோர்டு

அவர் கையை மறந்துவிட்டார். சரியாக எழுதினால் இப்படி:

```python
for i in range(1, len(a)):
    x = a[i]
    j = i
    while j > 0 and a[j-1] > x:
        a[j] = a[j-1]
        j -= 1
    a[j] = x
```

`x` என்பதுதான் உங்கள் மேசையில் கையில் பிடித்திருந்த அட்டை. அந்த வரி இல்லாமல் `x` வரும் இடங்களில் எல்லாம் `a[i]` என்றே எழுதியிருப்பார். அட்டையைத் தள்ளினால் பழைய இடம் காலியாகும், ஆனால் கம்ப்யூட்டரில் தள்ளுவது என்பது நகலெடுப்பதுதான். முதல் படியிலேயே 5-ஐ 2 இருந்த பெட்டியில் நகலெடுத்ததும் 2 அழிந்துவிட்டது, யார் கையிலும் அது இல்லை. வரிசை 5 5 6 1 7 3 4 ஆகிவிட்டது. அடுத்து 1-ம் இப்படியே 6-க்குள் போயிற்று, பிறகு 3-ம் 4-ம் 7-க்குள்.

இந்தப் பிழை ஆபத்தானது, ஏனென்றால் விடை ஏறுவரிசையில்தான் வருகிறது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியதாக இல்லை என்று மட்டும் சோதித்தால் சரி என்றே காட்டும். உள்ளே போன அதே எண்கள் வெளியே வந்தனவா என்பதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

அட்டவணை

நான் முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். இப்போது ஒரு உண்மையான சந்தேகம். முதலில் பெயர்ப்படி அடுக்கிவிட்டு, அப்புறம் மதிப்பெண்படி அடுக்கினால், ஒரே மதிப்பெண் எடுத்தவர்கள் பெயர் வரிசையிலேயே இருப்பார்களா? உங்கள் ஏழு அட்டையில் இரண்டு 5 இருந்தால் என்ன ஆகும்?

பழையகீபோர்டு

இந்த முறையில் இருப்பார்கள். குழிக்கு இடப்பக்கம் உள்ளது கையில் இருப்பதைவிடப் பெரிதானால்தான் தள்ளுகிறோம். சமமாக இருந்தால் நின்றுவிடுகிறோம். ஆகவே முன்னால் நின்ற 5 முன்னாலேயே இருக்கும். மேலே உள்ள நிரலில் `a[j-1] > x` என்பதை `a[j-1] >= x` என்று மாற்றிப் பாருங்கள். எண்கள் மட்டும் என்றால் விடையில் எந்த வித்தியாசமும் தெரியாது, ஆனால் சமமானவை தலைகீழாகிவிடும், உங்கள் பெயர் வரிசை கலையும். எல்லா முறைகளும் இந்த ஒழுங்கைக் காப்பதில்லை.

மாலைநேரம்

எனக்கு ஒன்று இன்னும் உறுத்துகிறது. அட்டைகளைக் கவிழ்த்து வைப்பது தேவையா? என் மாணவர்களிடம் இன்று செய்தேன். கவிழ்த்ததும் பாதிப் பேர் எண்களை நினைவில் வைத்துக்கொள்ளத்தான் முயன்றார்கள், குழியைக் கவனிக்கவில்லை. திறந்து வைத்ததும் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

பழையகீபோர்டு

திறந்து வைத்தால் "3-க்கு இடம் அங்கேதான் என்று தெரிகிறதே, ஏன் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பார்கள். ஒப்பிடுவதும் ஒரு வேலை என்பது அவர்களுக்குப் படாது. நான் கவிழ்ப்பதன் பக்கம்தான்.

நித்திலா

நான் கவிழ்த்துத்தான் செய்தேன், பெரியவர்களுக்கு ஓடியது. ஆனால் மாலைநேரம் சொல்வது எங்கள் குழுவில் இருவருக்கு நடந்தது. அடுத்த முறை முதல் ஓட்டத்தைத் திறந்தும், இரண்டாவதைக் கவிழ்த்தும் செய்து, எதில் கேள்வி அதிகம் வருகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன்.